பிள்ளை தூங்கியும் நான் தூங்காத நாட்கள்

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து எனக்கு ஒரு பெண் பிறந்தாள். திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் பக்கத்தில் படுக்க வைத்தபோது, வார்டில் இருந்த முன்பின் தெரியாத பெண்கள்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அம்மா அழுதாள். எனக்கு மட்டும் எதுவும் தோன்றவில்லை. களைப்பாக இருக்கும், நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அழுகை வந்தது. காரணம் இல்லை. பால் கொடுக்கும்போது அழுதேன், சோறு பிசையும்போது அழுதேன். அம்மா பயப்படவில்லை. "பெத்தவளுங்க எல்லாம் அழறதுதான்டி. நானும் உன்ன பெத்துட்டு ஒரு வாரம் அழுதேன். தானா போயிடும்" என்றாள். அவள் சொன்னது பொய்யும் இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவளும் அழுதாள். நாங்கள் வீட்டுக்குக் கிளம்புவதற்குள் அவள் அழுகையை விட்டுவிட்டுத் தன் மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் போகவில்லை.

அம்மா வீடு வடமாலபேட்டைக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமம். என்னைக் கொடுத்திருந்தது நகரி தாண்டி, திருத்தணிப் பக்கம். என் வீட்டுக்காரர் அங்கே விசைத்தறியில் வேலை செய்தார். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மதராசுக்கு என்று பிரித்தார்களாம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் அந்தப் பிரிவினையால் நிற்கவில்லை. ஆனால் அதனால் எனக்கு ஒன்று நேர்ந்தது. கர்ப்பமாக இருந்தபோது என்னைக் கவனித்துக்கொண்ட நர்ஸம்மா தமிழ்நாட்டுப் பக்கத்தவர். பிள்ளை பெற்றதும் அவர் விசாரித்தபோது என் மாமியார் வீட்டில், "அம்மா வீட்ல கீறா" என்று சொல்லிவிட்டார்கள். இந்தப் பக்கம் எங்கள் ஊருக்கு வரும் சுகாதாரப் பணியாளரான ஆஷாவோ, "அது அந்த ஸ்டேட் கேசு" என்று விட்டுவிட்டாள். ஆக, வீடு தேடி வந்து பார்க்கவேண்டியவர்கள் யாரும் வரவில்லை. எங்களுக்கு அது ஒரு குறையாகவும் தெரியவில்லை. வீட்டில் அம்மா இருக்கிறாள், வேறு யார் வேண்டும்?

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்பார்கள். காதில் பஞ்சு, தலையில் கட்டு, பூண்டுக் குழம்பு. தண்ணீர் தாராளமாகக் கிடைக்காது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, பகலில் கண்ணை மூடக் கூடாது. மூடினால் உடம்பில் நீர் கோத்துக்கொண்டு ஊதிப்போகும் என்பது அம்மாவின் கட்சி. பகலில் நான் சற்றுச் சாய்ந்தால்கூட உள்ளே வந்து ஏதாவது பேச்சுக் கொடுப்பாள்.

சில நாட்களில் அதற்கே அவசியம் இல்லாமல் போனது. எனக்குத் தூக்கமே வருவது நின்றுவிட்டது. குழந்தை தூங்கும், நான் அதன் மூக்கருகே விரல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூச்சு இருக்கிறது என்று தெரிந்து கையை எடுத்தால், எடுத்த உடனே நின்றிருக்குமோ என்று தோன்றும். மறுபடி வைப்பேன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். கை வேர்க்கும். ராத்திரியும் இப்படித்தான் போகும். அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. அவள் கண்ட வரையில் நான் பகலில் தூங்காத பெண். யார் வந்தாலும் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாள். "எம் பொண்ணு மாதிரி பத்தியம் யாரும் காக்க முடியாது. பகல்ல ஒரு பொழுது கண்ண மூடல." வந்தவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். நானும் தலையாட்டுவேன். இந்தப் பாராட்டைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று எப்படிப் போய்ச் சொல்வது?

நான் சின்ன வயதிலிருந்தே வாய் பேசாதவள். பத்தாவது வரை படித்தேன். வகுப்பில் தாகம் எடுத்தாலும் கேட்க மாட்டேன். ஒன்பது வருஷம் மலடி என்ற பேச்சைக் கேட்டபோதும் பதில் சொன்னதில்லை. இப்போது பிள்ளை கிடைத்த பிறகு, எனக்குச் சந்தோஷமாக இல்லை என்று சொன்னால் யார் கேட்பார்கள்? கடவுள் கொடுத்ததை வேண்டாம் என்கிறாள் என்றுதான் சொல்வார்கள்.

பிறகு அந்த எண்ணம் வர ஆரம்பித்தது. குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவார்கள். பக்கத்தில் வெந்நீர் அண்டா கொதித்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் கையே இவளை ஏதாவது செய்துவிடும் என்று ஒரு காட்சி கண் முன்னால் வந்துபோனது. நான் விரும்பி நினைக்கவில்லை. அதுவாக வந்தது. அன்றிலிருந்து அண்டா இருக்கும் பக்கம் நான் போகவில்லை. குழந்தையைத் தூக்கவும் பயந்தேன். பால் கொடுக்கும் நேரம் மட்டும் யாராவது பக்கத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். கூடவே இன்னொரு எண்ணமும் சேர்ந்துகொண்டது. இப்படிப்பட்டவள் இல்லாமல் போனால் குழந்தை நன்றாக இருக்கும் என்பது அது. முதலில் எப்போதாவது வந்தது. பிறகு நாள் முழுக்க இருந்தது.

அம்மா பார்த்தது, நான் பிள்ளையைத் தூக்காததை மட்டும். அதற்கு அவள் புத்தூரிலிருந்து ஒருவரை அழைத்து வந்து மந்திரித்துக் கயிறு கட்ட வைத்தாள். கயிறு கட்டிய அன்றும் நான் தூங்கவில்லை.

வீட்டில் என் தம்பியின் மனைவி இருந்தாள். கர்நாடக எல்லையோரம் இருக்கும் குப்பம் என்ற ஊரிலிருந்து வந்தவள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பேசுவாள். என்னை அண்ணி என்பதற்குத் தெலுங்கில் வதினா என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கும் எனக்கும் பெரிய ஒட்டுதல் கிடையாது. அவள் பேச்சு எனக்கு அதிகம், என் மௌனம் அவளுக்கு அதிகம். ஒரு நாள் காலையில் அவள் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது நான் குழந்தையோடு போய் நின்றேன்.

"இந்தா. இத நீயே வச்சிக்க."

"இருங்க வதினா, கை ஈரமா கீது."

"அதுக்கில்ல. நீயே வச்சிக்க. இனிமே என் கையில குடுக்காத."

அவள் சிரித்தாள். "ஒம்போது வருசம் கோயில் கோயிலா சுத்திட்டு, கடைசியில என் தலையில கட்றீங்களா? சீர் இன்னா தருவீங்க, அத சொல்லுங்க மொதல்ல."

நான் சிரிக்கவில்லை. அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஏமைந்தி வதினா? இன்னா ஆச்சு?"

அவள் தோளைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "நான் இத ஏதாவது பண்ணிடுவேனோன்னு பயமா கீது. நான் இல்லன்னா இது நல்லா இருக்கும்."

அவள் கத்துவாள், அம்மாவைக் கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் வெளுத்துப்போனது. துணியை அப்படியே சோப்பு நுரையோடு விட்டுவிட்டு என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். அன்று முழுக்க என்னை விட்டு நகரவில்லை. நான் குளியலறைக்குப் போனாலும் வெளியே நின்று ஏதாவது பேசிக்கொண்டே இருந்தாள். தன் மாமியாரான என் அம்மாவிடம் அவள் இதைச் சொல்லவில்லை. வீட்டு மருமகள் சொன்னால், பெண்ணின் மேல் பொறாமையில் கட்டிவிட்ட கதையாகிவிடும் என்று பயந்தாளாம். பிறகுதான் என்னிடம் சொன்னாள்.

மறுநாள் குழந்தைக்கு ஒன்றரை மாத ஊசி. அங்கன்வாடியில் கிராமத்து நர்ஸான ஏ.என்.எம். அம்மா வந்து போடுவார். நான் அறையை விட்டு வர மறுத்தேன். நைனாவைக் கடைக்குக்கூடப் போகவிடாமல் என் அறை வாசலில் உட்காரச் சொல்லிவிட்டு, குப்பத்துக்காரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது, அவள் சொன்னதைக் கேட்டு ஏ.என்.எம். அம்மாவும் கூடவே வந்தார். தெலுங்குக்காரர், ஐம்பது வயதிருக்கும், தமிழைத் தட்டித் தடவிப் பேசுவார்.

அம்மா காபி போட்டுக் கொடுத்தாள். வழக்கமான பெருமையையும் எடுத்தாள்.

"இவ பத்தியம் காக்கறத நீங்க பாக்கணும் மேடம். பகல்ல கண்ண மூடறதே இல்ல."

"ராத்திரி?"

"ராத்திரி... கொழந்தைக்கு பால் குடுக்க எழுந்துக்கறா."

"பாப்பா தூங்கறப்போ இவளும் தூங்கறாளா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"எத்தனை நாளா தூங்கலம்மா?" என்று என்னையே கேட்டார். நான் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அவர் காபியை ஓரமாக வைத்துவிட்டு அம்மாவிடம், "மீரு கொஞ்சம் வெளிய இருங்க, நான் தையல் பாக்கணும்" என்றார். தையல் எப்போதோ ஆறியிருந்தது. அம்மா போனதும் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார்.

அவர் சுற்றி வளைக்கவில்லை. சாப்பிட முடிகிறதா என்று கேட்டார். எதிலாவது ஆசை இருக்கிறதா என்று கேட்டார். யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறதா என்று கேட்டார். கடைசியில், பால் இருக்கிறதா என்று கேட்கும் அதே குரலில், "செத்துப் போலாம்னு தோணுதா? பாப்பாவ ஏதாவது பண்ணிடுவேன்னு தோணுதா?" என்றார். குரல் எதுவும் கேட்கவில்லை என்பதற்கு இல்லை என்று தலையாட்டினேன். கடைசி இரண்டுக்கும் ஆமாம் என்று தலையாட்டினேன். இதைக் கேட்டதால் எனக்கு அந்த எண்ணம் அதிகமாகவில்லை. மாறாக, நெஞ்சுக்குள் பிடித்திருந்த ஒன்று கொஞ்சம் தளர்ந்தது.

அவர் அங்கேயே உட்கார்ந்து ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்குப் போன் செய்தார். எல்லாம் தெலுங்கில். வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். "ஈரோஜே போகணும். இன்னிக்கே. திருப்பதி பெரிய ஆஸ்பத்திரி, மனநல ஓ.பி. டாக்டர் சொல்றாரு, நாளைக்குனு வைக்காதீங்க."

அம்மாவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் குரல் உயர்ந்தது. "பைத்தியக்கார டாக்டர்கிட்டயா? எம் பொண்ணுக்கு இன்னா பைத்தியமா புடிச்சிகீது? பச்ச ஒடம்பு, வாசப்படி தாண்டக் கூடாது. மூணாம் மாசம் மாமியார் வீட்டுக்கு கொண்டுபோய் விடணும். அவங்க காதுல விழுந்தா வச்சிக்குவாங்களா? ஒம்போது வருசம் எதுக்கு பொறுத்துகினு இருந்தா?"

"கொழந்த மேல காத்து பட்டா யார் பாப்பாங்க?" என்று அவள் தொடர்ந்தபோது, குப்பத்துக்காரி முதல் முறையாக மாமியாருக்கு எதிரே வாயைத் திறந்தாள். "அத்த, காத்து படட்டும். அண்ணிக்கு ஒண்ணு ஆச்சுன்னா அப்புறம் யார் பாப்பாங்க?" பதட்டத்தில் வதினா, அண்ணி ஆகிவிட்டது.

"உன்ன யார்டி கேட்டா?"

நைனா வாசலில் இருந்து எழுந்து வந்தார். யார் பக்கமும் பேசவில்லை. என் முன்னால் குந்தி உட்கார்ந்து, "நீ சொல்லும்மா. போலாமா?" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பேர் முன்னால் எதையும் கேட்டதில்லை. போக வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இந்தச் சத்தம் அடங்கும் என்பது தெரிந்தது. அடங்கிய பிறகு இந்த அறையில் நான் என்ன ஆவேன் என்பதும் தெரிந்தது.

"போலாம் நைனா," என்றேன். "என்னால முடியல."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாங்கள் ஆட்டோவில் ஏறும்போது ஓடி வந்து என் காதுகளில் புதிதாகப் பஞ்சு வைத்துவிட்டுப் போனாள்.

ஆஸ்பத்திரியில் யாராவது ஊர்க்காரர் பார்த்துவிடுவார்களோ என்று தலையை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கட்டுப் போட்ட காலோடு ஒரு பெரியவர் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எலும்பு டாக்டர் இதானே?" என்று கேட்டார். குப்பத்துக்காரி, "இல்ல தாத்தா, இங்க தலைக்கு பாப்பாங்க" என்றாள். "அதுவும் எனக்கு வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து நொண்டிக்கொண்டு போனார். குழந்தை அவள் மடியில் இருந்தது. நைனா எனக்கு இன்னொரு பக்கம் உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் நடுவில்தான் என்னை உட்கார வைக்க வேண்டும் என்று ஏ.என்.எம். அம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். சித்தூர்த் தமிழ் பேசினார். நான் சொல்லச் சொல்ல அவசரப்படாமல் கேட்டார். அண்டாவைப் பற்றிச் சொன்னபோது அழுதுவிட்டேன்.

"அந்த நெனப்பு வந்தா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

"பயமா கீது. ஓடிடுவேன்."

"சரி. அது நீங்க விரும்பி நெனைக்கறது இல்ல. நோய் அப்படி ஒரு படத்த காட்டுது. நீங்க கெட்ட அம்மா கெடையாது. ஆனா நீங்க வந்தது ரொம்ப நல்லது."

பிறகு நைனாவையும் குப்பத்துக்காரியையும் உள்ளே கூப்பிட்டார். பிள்ளை பெற்ற முதல் சில நாள் அழுகை நிறையப் பேருக்கு வரும், தானாகப் போய்விடும் என்றார். அம்மா சொன்னது அந்த அழுகைதான். இரண்டு வாரம் தாண்டியும் போகாமல், தூக்கமும் சாப்பாடும் கெட்டு, பயம் விடாமல் இருந்தால் அது வேறு. அப்போது டாக்டரிடம் வந்தே ஆக வேண்டும். சாக வேண்டும் என்றோ குழந்தையை ஏதாவது செய்துவிடுவேன் என்றோ தோன்றினால், இல்லாத குரல் கேட்டால், சம்பந்தமில்லாமல் பேசினால், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது, 108ஐக் கூப்பிட்டாவது அன்றைக்கே வர வேண்டும் என்றார்.

"இது காத்தா, கண் திருஷ்டியா டாக்டரம்மா?" என்று நைனா கேட்டார்.

"சர்க்கரை, பி.பி. மாதிரி இதுவும் ஒடம்புக்கு வர்ற நோய்தான் ஐயா. மருந்து இருக்கு. சரியாகும்."

ரத்தம் குறைவாக இருக்கிறதா, தைராய்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரை எழுதினார். உடனே தெரியாது, சில வாரம் ஆகும், நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார். என்னை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தார். வீட்டில் இரவும் பகலும் ஒருவர் கூடவே இருப்பதாக இருவரும் ஒப்புக்கொண்ட பிறகு, பால் கொடுக்கும்போதுகூடத் தனியாக விடக் கூடாது, அதிகமானால் அந்த நிமிஷமே வர வேண்டும் என்ற கட்டளையோடு அனுப்பினார். ஒரு வாரத்தில் மறுபடி வரச் சொன்னார். கடைசியாகக் குப்பத்துக்காரியைப் பார்த்து, "இவங்க தூங்கணும். பகலோ ராத்திரியோ, தொடர்ச்சியா நாலஞ்சு மணி நேரம். அதுவும் மருந்துதான்" என்றார்.

அதைத்தான் அம்மாவால் தாங்க முடியவில்லை. குப்பத்துக்காரி வந்து சொன்னபோது, "பகல்லயா?" என்றாள், யாரோ விஷம் கொடுக்கச் சொன்னதுபோல. பிறகு மறுத்துப் பேசவில்லை. இரவில் அவளும் குப்பத்துக்காரியும் முறை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்தார்கள். மத்தியானம் நான் படுத்தால் அம்மா வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களை ஜாடையாலேயே திருப்பி அனுப்பினாள். ஒரு நாள் விழித்தபோது, என் கால் ஊதியிருக்கிறதா என்று மெதுவாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊதவில்லை.

எல்லாம் மாத்திரை போட்ட மறுநாள் மாறிவிடவில்லை. முதல் வாரம் வயிற்றைப் புரட்டியது. அண்டாவின் பக்கம் போக இன்னும் பயந்தேன். இரண்டாம் முறை திருப்பதிக்குப் போனபோது, டாக்டரோடு இருந்த, கவுன்சிலிங் தரும் இன்னொரு அம்மா என்னைத் தனியாக உட்கார வைத்து நிறைய நேரம் பேச விட்டார். அவ்வளவு நேரம் யாரிடமும் நான் பேசியதில்லை. மூன்றாவதோ நான்காவதோ வாரத்தில் ஒரு காலை, பசி எடுத்ததைக் கவனித்தேன். பூண்டுக் குழம்பு வாசனை வந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான். ஆனால் பல வாரமாக எனக்கு எதுவும் பிடித்ததில்லை.

என் வீட்டுக்காரருக்கு நைனா போனில் சொன்னார். அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்தார். அவரும் அதிகம் பேசாதவர். "என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டார். "சொல்லத் தெரியல" என்றேன். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் திருப்பதிக்கு அவர்தான் கூட்டிப் போனார். ஆனால் தன் அம்மாவிடம் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை.

மூன்றாம் மாதம் மாமியார் நாலு பேரோடு பழத்தட்டு எடுத்துக்கொண்டு என்னை அழைத்துப் போக வந்தார். காலையிலேயே அம்மா என் மாத்திரைகளை அட்டையோடு ஒரு ரவிக்கைத் துணியில் சுருட்டிப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள். "அங்க போய் யாருக்கும் தெரியாம போட்டுக்க. கேட்டா சத்து மாத்திரைனு சொல்லு" என்று காதில் சொன்னாள். நான் சரி என்றேன்.

பந்தி முடிந்து எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மத்தியான மாத்திரைக்கு நேரம் ஆகியிருந்தது. இங்கேயே ஒளித்துச் சாப்பிட ஆரம்பித்தால், அந்த வீட்டில் என்றைக்காவது அவசரத்தில் சாப்பிடாமல் விட்டுவிடுவேன் என்று எனக்குத் தோன்றியது. அப்புறம் மறுபடியும் அது வந்தால், மறுபடியும் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருப்பேன்.

எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்து வந்தேன். அம்மா கண்ணாலேயே வேண்டாம் என்றாள். மாமியார் எதிரில் நின்று, "அத்த, பெத்ததுக்கு அப்புறம் எனக்கு மனசு சரியில்லாம போச்சு. பெரிய ஆஸ்பத்திரியில காட்டிகினு கீறோம். இன்னும் கொஞ்ச மாசம் மாத்திரை துன்னணும்" என்றேன். நடுவில் நிறுத்தினால் முடிக்க முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர் வாயை நிறுத்தினார். மகனைப் பார்த்தார். மகன் தலையசைத்தார். பிறகு மாமியார் என் கையில் இருந்த அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"இது சோத்துக்கு முன்னாலயா பின்னாலயா?"

"பின்னால."

"அப்ப துன்னுட்டல்ல, போடு" என்றார். பக்கத்தில் இருந்த சொம்பை நகர்த்தி என் பக்கம் வைத்தார்.